மசாலா கம்பெனிக்கு டிஸ்ட்ரிபியூட்டர் ப்ரபோசல்: ஏரியாவும் முதலும் ஒரே கணக்கு

கேள்வி: அண்ணா, கோவில்பட்டியில் நான்கு வருடமாக சோப்பு, ஊதுபத்தி ஏஜென்சி எடுத்து நடத்துகிறோம். ஒரு டாடா ஏஸ், ஒரு குடோன் இருக்கிறது. இப்போது மசாலாப் பொடி, சேமியா, ரெடி மிக்ஸ் போடும் ஒரு கம்பெனி டிஸ்ட்ரிபியூட்டர் தேடுகிறது. ஏரியா மேனேஜர் "கவரேஜும் ஒர்க்கிங் கேபிடலும் காட்டி ஒரு ப்ரபோசல் கொடுங்க" என்கிறார். சாத்தூர் முதல் விளாத்திகுளம் வரை 800 கடை செய்வோம், கையில் 10 லட்சம் இருக்கிறது என்று எழுதலாமா? எப்படி எழுதினால் ஏஜென்சி கிடைக்கும்?

பதில்:

அப்படி எழுதினால் ஏஜென்சி கிடைத்தாலும் கிடைக்கலாம். ஆனால் ஆறு மாதத்தில் முதல் முடங்கிவிடும். அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் கணக்கே இல்லை. அனுபவமுள்ள ஏரியா மேனேஜர் 800 கடை என்று படித்ததும் மனதுக்குள் ஒரு பெருக்கல் போடுவார். எத்தனை சேல்ஸ்மேன், ஒரு நாளைக்கு எத்தனை கடை, வாரத்துக்கு எத்தனை நாள்? அது பொருந்தாவிட்டால் மற்ற பக்கங்களைச் சும்மா புரட்டிவிட்டு மூடிவைப்பார். பொருந்தினால் அடுத்து, அந்தக் கடைகளுக்குக் கடன் கொடுக்க இந்த முதல் தாங்குமா என்று பார்ப்பார். அதனால் அவர் போடப்போகும் கணக்கை நீங்களே போட்டு எழுதிக் கொடுங்கள்.

முதலில் கடை எண்ணிக்கை. டூ வீலரில் போகும் ஒரு சேல்ஸ்மேன் ஒரு நாளைக்கு நிதானமாக 40 கடை ஏறி இறங்கலாம். இரண்டு பேர் வாரம் ஆறு நாள் போனால் 480 விசிட். இதற்கு மேல் எழுதினால் அது பேப்பரில் மட்டும் இருக்கும் கவரேஜ். ஆனால் எல்லாக் கடைக்கும் வாரா வாரம் போக வேண்டியதில்லை. ஒரு சேல்ஸ்மேன் ஒரு நாளில் முடிக்கும் கடைச் சுற்றுதான் ஒரு பீட். கோவில்பட்டி டவுனுக்கு நான்கு பீட், கழுகுமலை, கயத்தாறு, எட்டயபுரம், விளாத்திகுளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பீட். ஆக வாரம் போகும் பீட் எட்டு, கடை 320. மிச்சமிருக்கும் நான்கு ஆள்-நாட்களில் கடம்பூர், புதூர், நாகலாபுரம், இடையிலுள்ள கிராமங்களை இரு வாரத்துக்கு ஒரு முறை என்று மாற்றி மாற்றிப் போட்டால் இன்னொரு 320. மொத்தம் 640 கடை. ஏரியா மேனேஜர் எந்த வாரம் சோதித்தாலும் 640 நிற்கும், 800 நிற்காது.

சாத்தூரை விட்டுவிடுங்கள். அது விருதுநகர் மாவட்டம். அங்குள்ள கடைக்காரர்களுக்கு விருதுநகர் மொத்த வியாபாரம் பக்கத்திலேயே இருக்கிறது, சரக்கு அங்கிருந்தே இறங்கிவிடும். கம்பெனி அதை வேறொரு டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பிரித்துக் கொடுக்கத்தான் அதிக வாய்ப்பு. "சாத்தூர் எங்களுக்கு வேண்டாம், காரணம் இது" என்று ஒரு வரி எழுதினால், ஏரியாவைத் தெரிந்த ஆள் என்ற எண்ணம் அவருக்குத் தானாக வரும்.

பீட் அட்டவணை போடும்போது பலர் கோட்டைவிடுவது வண்டி விஷயத்தில்தான். உங்களிடம் இருப்பது ஒரே ஏஸ், அதிலும் சோப்பு ஏறுகிறது. திங்கட்கிழமை ஒரு சேல்ஸ்மேன் மேற்கே கழுகுமலையிலும் இன்னொருவர் கிழக்கே விளாத்திகுளத்திலும் ஆர்டர் எடுத்தால், செவ்வாய்க்கிழமை வண்டி எந்தப் பக்கம் போகும்? கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை சுமார் 20 கிலோமீட்டர், விளாத்திகுளம் எதிர்ப்பக்கம் சுமார் 35. இரண்டும் ஒரே நாளில் முடியாது. ஒரு டெலிவரி தள்ளிப்போகும், கடைக்காரர் அதற்குள் வேறு பிராண்டை வாங்கி அடுக்கிவிடுவார். அதனால் இரண்டு சேல்ஸ்மேனும் ஒரே நாளில் ஒரே திசையில் போகும்படி பீட் போடுங்கள். எட்டயபுரத்துக்கு ஒருவர் போகும் அன்று இன்னொருவர் விளாத்திகுளம் போகட்டும், மறுநாள் வண்டி கிழக்கே ஒரு நடை போனால் இரண்டும் முடிந்துவிடும். சோப்பு ஆர்டரையும் அதே திசைக்கு மாற்றிவிட்டால் டீசல் பாதியாகும்.

கிழமையையும் யோசித்துப் போடுங்கள். உங்கள் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ்களில் சம்பளம் வாரச் சம்பளம், அது சனிக்கிழமை கைக்கு வரும். கிராமத்துக் கடைகளில் சனி சாயங்காலமும் ஞாயிறும்தான் மளிகை ஓடும். சரக்கு வெள்ளிக்கிழமைக்குள் கடையில் இருக்க வேண்டும். எட்டயபுரத்தில் சனிக்கிழமை ஆட்டுச் சந்தை. அன்று போய்க் கடைக்காரரிடம் ஸ்கீம் பேசினால் நிமிர்ந்தே பார்க்க மாட்டார். இந்தக் காரணங்களை அட்டவணைக்குக் கீழே இரண்டு வரியில் எழுதுங்கள். ஏரியா மேப்பைக் கலரில் அச்சடித்து ஒட்டுவதைவிட இது எடுபடும்.

640 என்ற எண்ணை எழுதும் முன் கடைகளை நேரில் நடந்து பட்டியல் எடுங்கள். கடைப் பெயர், தெரு, இப்போது விற்கும் மசாலா பிராண்ட், சரக்கு போடுபவர் யார், கடன் எத்தனை நாள், இவ்வளவு போதும். நடக்கும்போது நீங்கள் கேட்கும் இந்தக் கம்பெனியின் பாக்கெட் எங்காவது தொங்கினால், திருப்பிப் பின்பக்கம் பேக்கிங் தேதியைப் பாருங்கள். நான்கைந்து கடையில் எடுத்ததெல்லாம் ஏழெட்டு மாதப் பழசாக இருந்தால், பழைய டிஸ்ட்ரிபியூட்டர் எப்போதோ கையை விட்டுவிட்டார் என்று அர்த்தம். கடைக்காரரே சொல்வார்: "முதல்ல இந்தப் பழைய டேமேஜ எடுங்க, அப்புறம் ஆர்டர் பேசலாம்." அந்தச் சுமை உங்கள் தலையில் விழக்கூடாது. பழைய டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கு முடிந்துவிட்டதா, கடைகளில் கிடக்கும் காலாவதிச் சரக்கை யார் எடுப்பது என்பதை ப்ரபோசலிலேயே கேட்டுவிடுங்கள். கேட்காமல் ஏஜென்சி எடுத்தால், முதல் மாத வசூலில் அதைக் கழித்துக்கொண்டுதான் பணம் கிடைக்கும்.

சரி, இப்போது பணம்.

ஒரு நாளைக்கு 80 விசிட், அதில் பாதி பில் ஆகிறது என்று வையுங்கள். 40 பில். புது டிஸ்ட்ரிபியூட்டருக்கு இதுவே நல்ல கணக்கு. ஒரு பில் சராசரி 650 ரூபாய் என்றால் நாளுக்கு 26,000. மாதம் 26 நாளுக்கு 6.76 லட்சம். கோவில்பட்டி மொத்தக் கடைகள் மூன்று நான்கில் சேர்த்து ஒரு 1.24 லட்சம். மொத்தம் மாதம் 8 லட்சம். பில் சராசரிக்கு என் எண்ணைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் எடுத்த பட்டியலில் பத்துக் கடையைத் தேர்ந்து, போட்டி பிராண்டின் பழைய பில்களைக் கேட்டுப் பாருங்கள், சராசரி தெரிந்துவிடும்.

இந்த 8 லட்சம் ஓட எவ்வளவு பணம் மாட்டிக்கொண்டு நிற்கும்? நான்கு இடத்தில் நிற்கும். முதலாவது குடோன் ஸ்டாக். கம்பெனி வாரா வாரம் சரக்கு அனுப்பினால் 15 நாள் ஸ்டாக் போதும், அடக்க விலையில் சுமார் 3.75 லட்சம். இரண்டாவது, வழியில் இருக்கும் பணம். பெரும்பாலான கம்பெனிகள் புது ஆளுக்குக் கடன் தருவதில்லை, ஆர்.டி.ஜி.எஸ். போட்ட பிறகுதான் லோடு கிளம்பும். நான்கு நாள் என்று வைத்தால் 1 லட்சம்.

மூன்றாவது மார்க்கெட் கடன். இங்கேதான் எல்லோரும் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்கிறார்கள். "ஏழு நாள் கடன்" என்று எழுதுவார்கள். வாரம் போகும் கடைக்காரர் அடுத்த பில் போடும்போது முந்தைய பில்லுக்குப் பணம் தருவார். அந்த வாரம் ஆர்டர் இல்லை என்றால் பணமும் இல்லை. ஆக ஏழு நாள் நடைமுறையில் பத்து நாள். இரு வாரத்துக்கு ஒரு முறை போகும் கிராமக் கடையும் மொத்தக் கடையும் மூன்று வாரம் இழுக்கும். 8 லட்சத்தில் 2 லட்சம் ரொக்கம், 3.2 லட்சம் பத்து நாள், 2.8 லட்சம் 21 நாள் என்று பிரித்தால், எந்த நாள் எடுத்தாலும் வெளியே நிற்கும் பணம் சுமார் 3 லட்சம்.

நான்காவதை ப்ரபோசலில் எழுதுபவர்கள் குறைவு: கிளெய்ம். கம்பெனி ஸ்கீம் அறிவிக்கும், "பத்துக்கு ஒன்று ஃப்ரீ" போல. அதைக் கடைக்கு நீங்கள் முதலில் கொடுத்துவிடுகிறீர்கள், கம்பெனி பிறகுதான் கிரெடிட் நோட் போடும். டேமேஜும் அப்படித்தான். விற்பனையில் 4 சதவீதம் என்று வைத்தால் மாதம் 32,000. செட்டில் ஆக இரண்டரை மாதம் என்றால் எப்போதும் 80,000 கம்பெனியிடம் மாட்டியிருக்கும். இந்த வரியைப் பார்த்ததும் ஏரியா மேனேஜர் சற்று நெளிவார். பரவாயில்லை, எழுதுங்கள். கிளெய்ம் எத்தனை நாளில் வரும் என்று அவர் வாயால் சொல்ல வைக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

கூட்டினால் 8.55 லட்சம். இதற்கு மேல் ஒருமுறைச் செலவு: டெபாசிட் 1 லட்சம், தனி அறை அட்வான்ஸ் 50,000, ரேக், மரப் பலகை, பில்லிங் கம்ப்யூட்டர் எல்லாம் 75,000. ஆக 10.8 லட்சம். எதிர்பாராததற்கு ஒரு லட்சத்துக்கு மேல் ஒதுக்கினால் 12 லட்சம். உங்கள் கையில் 10.

தனி அறை எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் குடோனில் இருப்பது சோப்பும் ஊதுபத்தியும். சேமியாவையும் ரெடி மிக்ஸையும் அதே அறையில் ஒரு மாதம் வைத்தால் மணம் ஏறிவிடும். பாக்கெட் பிரிக்காமலே கடைக்காரர் முகர்ந்து பார்த்துத் திருப்பித் தருவார், அதைக் கம்பெனி டேமேஜாக எடுக்காது. குடோன் பார்க்க வரும் கம்பெனி ஆள் முதலில் கவனிப்பதும் இதைத்தான். தனி அறை, தரையிலிருந்து உயர்த்திய பலகை, சுவரை ஒட்டாத அடுக்கு, எலி வராத கதவு, இவற்றை நாலு போட்டோ எடுத்து இணையுங்கள். சோப்பு வியாபாரத்துக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உணவு அனுமதி தேவைப்பட்டிருக்காது, இப்போது அந்த அறையின் முகவரிக்கு எடுக்க வேண்டும். அந்த எண் உங்கள் பில்லிலும் வர வேண்டும். அறை வேறு முகவரியில் இருந்தால் ஜி.எஸ்.டி. பதிவிலும் கூடுதல் இடமாகச் சேர்த்துவிடுங்கள்.

பற்றாக்குறை 2 லட்சத்துக்கு இரண்டு வழி. ஒன்று, முத்ரா கிஷோர் பிரிவில் வங்கியில் சி.சி., அதாவது வேண்டும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் கடன், கேட்பது. அதன் வரம்பு 5 லட்சம் வரை, நீங்கள் 3 லட்சம் கேட்டால் போதும். உங்கள் நான்கு வருட ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் கரண்ட் அக்கவுண்ட் வரவு செலவும் அதற்கு உதவும். ஆனால் அதை முதல் நாளே எடுத்து ஸ்டாக்கில் போடாதீர்கள், தீபாவளி மாதத்துக்கு வைத்திருங்கள். இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது, ஏரியாவைத் தவணையாகக் கேட்பது. முதல் மூன்று மாதம் ஒரே சேல்ஸ்மேன், கோவில்பட்டி நான்கு பீட், கழுகுமலை, கயத்தாறு, ஆக 240 கடை. விற்பனை 4.6 லட்சம், ஓட்டத்துக்குத் தேவை சுமார் 5 லட்சம். ஒருமுறைச் செலவையும் சேர்த்து ஏழேகால் லட்சத்தில் நிற்கும், கையில் இரண்டே முக்கால் மிச்சம். நான்காவது மாதம் இரண்டாவது சேல்ஸ்மேன், கிழக்குப் பக்கமும் கிராமங்களும். இதை மாதப் பெயரோடு எழுதுங்கள், "விரைவில் விரிவுபடுத்துவோம்" என்று எழுதாதீர்கள். கிழக்குப் பகுதியை அதுவரை வேறு யாருக்கும் தராமல் உங்கள் பெயரில் வைத்திருக்க வேண்டும் என்றும் கேளுங்கள்.

அடுத்தது உங்களுக்காக மட்டும் போட வேண்டிய கணக்கு, ஆனால் அதன் முடிவு ப்ரபோசலில் வர வேண்டும். மார்ஜின் 7 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 8 லட்சத்தில் 5 சதவீத வரியைக் கழித்துப் பார்த்தால் மாதம் சுமார் 50,000 ரூபாய் நிற்கும். செலவு: இரண்டு சேல்ஸ்மேன் 28,000, டிரைவர் சம்பளத்திலும் டீசலிலும் பாதி 11,500, லோடு இறக்கும் ஆளுக்கு 3,000, அறை வாடகை 5,000, போன், இன்டர்நெட், பில் ரோல் 1,500. மொத்தம் 49,000. அதாவது வண்டியையும் டிரைவரையும் சோப்பு ஏஜென்சியோடு பங்கிட்டும் உங்களுக்கு மிஞ்சுவது ஆயிரம் ரூபாய். ஸ்கீம் படம் காட்டும் எந்த மேனேஜரும் இதைச் சொல்ல மாட்டார்.

இதற்கு மருந்து இரண்டு. முதல் வருடம் ஒரு சேல்ஸ்மேன் சம்பளத்தைக் கம்பெனி ஏற்க வேண்டும் என்று கேளுங்கள். புது ஏரியா திறக்கும்போது இது கேட்கக்கூடிய விஷயம்தான், பல கம்பெனிகள் விற்பனை இலக்கோடு இணைத்துத் தருகின்றன. 14,000 கிடைத்தால் மாதம் 15,000 மிஞ்சும். போட்ட முதலுக்கு மாதம் ஒன்றரை சதவீதம்கூட இல்லை. எங்கள் லைனில் மாதம் 2 சதவீதம் வந்தால்தான் ஏஜென்சி நிற்கும் என்பது பேச்சு வழக்கு. அடுத்து, கடையைக் கூட்டாமல் பில்லைப் பெரிதாக்குங்கள். மிளகாய்ப் பொடி வாங்கும் கடையில் சேமியாவும் ஒரு ரெடி மிக்ஸும் சேர்த்துப் போட்டு, சராசரி பில் 650-லிருந்து 900 பக்கம் போனால் மாதம் 10.6 லட்சம் வரும். மார்ஜின் 66,000 பக்கம் வரும், கூடும் செலவு டீசல் கொஞ்சம்தான். சம்பள உதவியோடு சுமார் 30,000 மிஞ்சும். முதலும் 14 லட்சம் ஆகும் என்பதை மறக்க வேண்டாம், இருந்தாலும் 2 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. ப்ரபோசலில் இதை இப்படி எழுதலாம்:

"முதல் வருடம் எங்கள் இலக்கு 640 கடைகள். கடை எண்ணிக்கையை இதற்கு மேல் கூட்டும் திட்டம் இல்லை. ஒரு பில்லின் சராசரியை 650 ரூபாயிலிருந்து 900 ரூபாயாக உயர்த்துவதே பன்னிரண்டாம் மாத இலக்கு. இதற்காக ஒரு சேல்ஸ்மேன் சம்பளத்தை முதல் 12 மாதங்களுக்குக் கம்பெனி ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறோம். ஸ்டாக் அளவு 15 நாள் விற்பனை. மறு ஆர்டர், கடைகளுக்குப் போன விற்பனை அடிப்படையில்."

கடைசி வரி சாதாரணமாகத் தெரியும், ஆனால் உங்கள் முதலைக் காப்பாற்றுவது அதுதான். மாதக் கடைசியில் இலக்கு முடிக்க "ஒரு லோடு எடுத்துக்கோங்க, அடுத்த மாசம் அட்ஜஸ்ட் பண்ணலாம்" என்று போன் வரும். 15 நாள் ஸ்டாக் 30 நாள் ஆனால் கூடுதலாக மூன்றே முக்கால் லட்சம் வேண்டும், அது உங்களிடம் இல்லை. சரக்கு தேங்கினால் விலையைக் குறைத்துத் தள்ள வேண்டிவரும், அது பக்கத்து ஏரியாவுக்குள் போகும். அங்குள்ளவர் இதையே செய்தால் திருநெல்வேலியிலிருந்து சரக்கு கோவில்பட்டிக்குள் வரும். அதனால் ஏரியாவை ஊர்ப் பெயரும் பின்கோடும் போட்டு நியமனக் கடிதத்தில் கேட்டு வாங்குங்கள். வெளிச் சரக்கு பிடிபட்டால் பேட்ச் நம்பரை வைத்துக் கம்பெனி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் ஒரு வரி சேருங்கள். வந்திறங்கும் சரக்கில் ஆயுள் மூன்றில் இரண்டு பங்காவது மிச்சமிருக்க வேண்டும் என்பதும் அதே கடிதத்தில் இருக்கட்டும்.

முதலைக் காட்ட வங்கி ஸ்டேட்மென்ட் இணைக்கும்போது ஆறு மாதத்துக்கு இணையுங்கள். ஸ்டேட்மென்ட் எடுப்பதற்கு முந்தின நாள் மச்சான் போட்ட ஐந்து லட்சம் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும், பார்ப்பவர்கள் மாதச் சராசரி இருப்பைத்தான் பார்ப்பார்கள். செக்யூரிட்டி செக் கேட்டால் வெறும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். கம்பெனி பெயரை எழுதி, செக் நம்பரும் எதற்காக என்பதும் குறிப்பிட்ட கடிதத்தோடு கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

எல்லாம் ஓகே ஆனதும் மேனேஜர் முதல் ஆர்டராக ஐந்து லட்சம் போடச் சொல்வார். முதல் கட்ட விற்பனை 4.6 லட்சம் என்றால் 15 நாள் ஸ்டாக் இரண்டே கால் லட்சத்தைத் தாண்டாது. பழைய டிஸ்ட்ரிபியூட்டரின் ஆறு மாத விற்பனையை ஐட்டம் வாரியாகக் கேளுங்கள். அதில் ஓடிய ஐட்டத்தை மட்டும் முதல் லோடில் எடுங்கள், ஓடாத ரெடி மிக்ஸில் வகைக்கு ஒரு பெட்டி போதும். அந்தப் பட்டியலைத் தர அவர் தயங்கினால் டெபாசிட் கட்டுவதையும் நிறுத்தி வையுங்கள்.